முப்பதாவது மீட்டர்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. மாரிமுத்து இறந்த செய்தி வந்தபோது நான் வகுப்பில் இருந்தேனா, ஆசிரியர் அறையில் இருந்தேனா, தெரியவில்லை. சில பேச்சுகளை யார் சொன்னார்கள் என்பதும் மாறிப்போயிருக்கலாம். எண்கள் மட்டும் நிச்சயம். எண்களை மறுபடி போட்டுச் சரிபார்க்க முடியும். பேச்சை அப்படிச் சரிபார்க்க வழியில்லை.

வில்லியனூர் பக்கம் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நானும் கலைவேந்தனும் ஒரே துறையில் வேலை பார்த்தோம். மின்னணுவியல். எனக்கும் அவருக்கும் ஒரே பாடம், வேறு வேறு பிரிவு. டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங். அவர் கரியமாணிக்கத்துக்காரர். ஏம்பலத்தில் அவருடைய தாய்மாமன் சாமிநாதனுக்கு நிலம் இருந்தது, ஒரு பக்கம் கரும்பு, ஒரு பக்கம் நெல். சாலையோரம் இருந்த மீட்டர் கொட்டகையிலிருந்து மோட்டார் கொட்டகை வரைக்கும் நூற்று நாற்பது மீட்டர் கேபிள் மண்ணுக்கடியில் போகிறது. கேபிளை ஒட்டியே, பன்றி நுழையாமல் இருக்க இரும்பு ஆங்கிள் நட்டுக் கம்பிவேலி.

தண்ணீர் பாய்ச்சும்போதெல்லாம் ஃபியூஸ் போய்க்கொண்டிருந்தது. எங்கேயோ கேபிளில் பழுது. நாற்று நட்டாகிவிட்டது, நிலம் முழுக்கத் தோண்டிப் பார்க்க முடியாது. கலைவேந்தன், "நான் கண்டுபிடிச்சுத் தரேன் மாமா" என்றார்.

அவர் செய்தது புதிய வித்தை அல்ல. கேபிளின் ஒரு முனையிலிருந்து சிக்னல் அனுப்பினால், பழுதான இடத்தில் பட்டுக் கொஞ்சம் திரும்பி வரும். கிணற்றுக்குள் கத்தினால் எதிரொலி வருகிற மாதிரி. திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்துத் தூரத்தைச் சொல்லலாம். ஒரு கூர்மையான துடிப்பை அனுப்பி அது திரும்பும் நேரத்தைப் பிடிக்கத் தனிக் கருவி வேண்டும். கல்லூரியில் அது இல்லை. சைன் அலை தரும் ஜெனரேட்டரும் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்பும் இருந்தன. ஒவ்வொரு அதிர்வெண்ணாக அனுப்பி, எவ்வளவு திரும்புகிறது, எவ்வளவு பின்தங்கித் திரும்புகிறது என்று அளந்து, அந்த அளவுகளைக் கணினியில் போட்டுத் தலைகீழ் டி.எஃப்.டி. என்ற கணக்கைப் போட்டால், துடிப்பை அனுப்பியிருந்தால் என்ன கிடைத்திருக்குமோ அது கிடைக்கும்.

எங்கள் ஆய்வகத்தில் அதற்கு, எட்டு அதிர்வெண்களின் அளவுகளை எடுத்துக்கொள்ளும் ஒரு ப்ரோக்ராம் எப்போதும் தயாராக இருக்கும். எட்டுப் புள்ளி. பரீட்சைத் தாளில் எட்டுப் புள்ளிக்கு மேல் வராது, கையால் போட முடியாது என்பதால். கேள்வியில் தரும் தொடரும் எட்டு எண்களுக்குள் அடங்கியே இருக்கும். வருஷக்கணக்கில் அப்படியே சொல்லிக்கொடுத்து, எட்டு என்பது எங்களுக்கு ஒரு தேர்வாகவே தெரியாமல் போய்விட்டது.

அன்று வயலில் நடந்ததைக் கலைவேந்தன் மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னார். சாமிநாதன் வரப்பில் குந்திக்கொண்டு பார்த்தாராம்.

"இன்னாடா இது, கரண்டு ரிப்பேருக்கு ஆஸ்பத்திரி பொட்டியத் தூக்கினு வந்துக்கிற?"

"கேபிளுக்கு ஸ்கேன் எடுக்கிறேன் மாமா."

"ஆம்பளையா பொம்பளையான்னு சொல்லிடுவியா?"

எலக்ட்ரீஷியன் பாக்யராஜ் அதற்கு விழுந்து விழுந்து சிரித்தாராம். பாக்யராஜ்தான் அந்தப் பக்கத்து மோட்டார்களுக்கெல்லாம் வேலை செய்பவர். அவர் இரண்டு முனையையும் கழற்றி, மோட்டார் பக்கத்து முனையில் எதிரொலி வராதபடி ஒரு ரெசிஸ்டரை வைத்தார். கலைவேந்தன் ஐந்து அளவுகள் எடுத்தார். எட்டுப் புள்ளிக்கு ஐந்து போதும், மீதி மூன்றும் கண்ணாடியில் தெரிவது போல் வந்துவிடும். ஐந்தாவது முடிந்ததுமே சாமிநாதன், "நாத்து காயுதுடா, லைனைக் குடு" என்று எழுந்துவிட்டாராம். ஆனால் அவர் அவசரப்படுத்தியதால்தான் என்று கலைவேந்தன் ஒருபோதும் சொன்னதில்லை. ஐந்து எடுக்கத்தான் போயிருந்தார்.

கணினியில் மூன்றாம் இடத்தில் ஒரு மேடு எழுந்தது. ஓர் இடத்துக்குப் பத்து மீட்டர் கணக்கு. முப்பது மீட்டர். எட்டுப் புள்ளி கரடுமுரடாகத் தெரிகிறது என்று நடுவில் பூஜ்யங்களைச் சேர்த்து அறுபத்து நான்காக்கிப் படத்தை வழவழப்பாக்கினார். அதில் புதிய தகவல் எதுவும் சேர்வதில்லை, பழைய தகவலே அழகாகிறது. முப்பதாவது மீட்டரில் ஒரே ஒரு குன்று.

தோண்டினார்கள். முப்பதாவது மீட்டரில் ஒரு பழைய ஜாயின்ட் இருந்தது. டேப் மக்கி உதிர்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்த பிறகு யாருக்கு என்ன சந்தேகம் வரும்? சாமிநாதன் மருமகனைத் தோளில் தட்டினார். பாக்யராஜ் ஜாயின்ட்டை வெட்டிப் புதிதாகப் போட்டு மூடினார். அதற்குள் மண் காய்ந்திருந்தது. மோட்டார் ஓடியது. ஃபியூஸ் போகவில்லை.

நிலம் மறுபடி நன்றாக நனைந்த ஒரு காலையில், மடை திருப்பப் போன, சாமிநாதனிடம் வெகுகாலம் கூலி வேலை பார்த்த மாரிமுத்து வேலிக் கம்பியைப் பிடித்தார். புதிய ஜாயின்ட்டுக்குப் பக்கத்தில். கம்பியில் மின்சாரம் இருந்தது. அவர் மனைவி சின்னப்பிள்ளை அதே வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தாள். ஓடிவந்தவளை மற்ற பெண்கள் புடவையைப் பிடித்து இழுத்து நிறுத்தியதால் அவள் பிழைத்தாள்.

போலீஸ் வந்து ஜாயின்ட் குழியைத் திறந்தது. குழியில் தண்ணீர் நின்றது. நனைந்த நிலத்தில் எந்தக் குழியைத் திறந்தாலும் தண்ணீர் நிற்கும். ஆனால் அப்போது அது போதுமானதாக இருந்தது. ஒழுங்காக ஜாயின்ட் போடாமல் ஓர் உயிரைக் கொன்றதாகப் பாக்யராஜைப் பிடித்துக்கொண்டு போனார்கள்.

கலைவேந்தன் அந்த வாரம் கல்லூரிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். மாரிமுத்து அவரைச் சிறுவயதில் தோளில் தூக்கிக்கொண்டு கரும்பு உடைத்துத் தந்தவர் என்று ஒருமுறை சொன்னார்.  மேலே என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நாங்கள் இருவரும் அதிகம் பேசுகிறவர்கள் அல்ல.

பாக்யராஜின் மனைவி மஞ்சுளா ஒருநாள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கலைவேந்தனின் மேசைக்கு வந்தாள். எங்கள் அறையில் யாரும் செருப்பைக் கழற்றுவதில்லை.

"சார், நீங்க காட்டுன எடத்துலதான அவரு தோண்டுனாரு?"

"ஆமாம்மா."

"அவரு சொல்றாரு, என் ஜாயின்ட்டு லீக் ஆவாதுன்னு. ரெசின் ஊத்தி மூடினாராம். ஒருத்தரும் கேக்க மாட்டேன்றாங்க சார். பழுது வேற எங்கியாவது இருக்குமா? மிஷின்ல தெரியுமா?"

"மிஷின்ல ஒண்ணுதாம்மா தெரிஞ்சுது."

அவள் அதைக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "நீங்க படிச்சவரு, பொய் சொல்ல மாட்டீங்க" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னாள். கலைவேந்தன் பொய் சொல்லவும் இல்லை. அப்போது அவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததுதான் என் பங்கு.

அன்று என் வகுப்பில் பாடம், டி.டி.எஃப்.டி.யை எத்தனை புள்ளியில் மாதிரி எடுக்க வேண்டும் என்பது. ஒரு தொடரின் டி.டி.எஃப்.டி. என்பது இடைவெளி இல்லாத ஒரு வளைவு. எந்த அதிர்வெண்ணில் கேட்டாலும் அதற்கு ஒரு பதில் இருக்கும். நாம் சில அதிர்வெண்களில் மட்டும் கேட்டு, மீதியை விட்டுவிடுகிறோம். கேட்டது போதுமா என்பதுதான் பாடம்.

பலகையில் ஆறு எண்களை எழுதினேன்.

1, 0, 0, 0, 0, 2

"எண்ணும்போது பூஜ்யத்திலிருந்து எண்ணணும். இந்த இரண்டு ஐந்தாம் இடத்தில் இருக்கு. இதோட டி.டி.எஃப்.டி.யிலிருந்து நாலே நாலு புள்ளி எடுக்கலாம். வட்டத்தில் சமமான இடைவெளியில்."

நான்கையும் போட்டோம். 3. அடுத்தது 1 − 2j. அடுத்தது −1. கடைசியாக 1 + 2j.

"இந்த நாலையும் தலைகீழாக மாத்தினா என்ன தொடர் வரும்? போடுங்க."

முன்வரிசையில் இருந்த ஒரு பெண் முதலில் முடித்தாள். "ஒண்ணு, ரெண்டு, பூஜ்யம், பூஜ்யம் மேடம்."

"நாம போட்டது அதுவா?"

"இல்ல மேடம். ரெண்டு எடம் மாறிடுச்சு."

"ஏன் மாறிச்சு? நாலு புள்ளிக்கு நாலு இடம்தான் இருக்கு. ஐந்தாம் இடத்தில் இருக்கிற எண்ணுக்குப் போக இடமில்ல. ஐந்திலிருந்து நாலைக் கழிச்சு, ஒண்ணாம் இடத்தில் வந்து விழுது. அங்கே ஏற்கெனவே ஏதாவது எண் இருந்தா அதோட கூடிப்போயிடும். அந்த நாலு புள்ளியில் மட்டும் பார்த்தா, இரண்டு தொடருக்கும் ஒரே விடைதான். ஒரு வித்தியாசமும் தெரியாது."

கடைசி வரிசையிலிருந்து அருண் சேவியர் என்ற பையன் குரல் கொடுத்தான். "அப்ப கடைசி பெஞ்சுல இருக்குறவன் மொதல் பெஞ்சுல உக்காந்துக்கிற மாதிரி தெரிவான், இல்ல மேடம்? எங்க அப்பாகிட்ட போன் பண்ணிச் சொல்லுங்க, சந்தோஷப்படுவாரு."

வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். பிறகு பலகையைத் திரும்பிப் பார்த்தேன்.

எட்டுப் புள்ளி. ஓர் இடத்துக்குப் பத்து மீட்டர். எட்டுப் புள்ளிக்கு எண்பது மீட்டர்தான் இடம். கேபிள் நூற்று நாற்பது.

 யாரோ "மேடம், எழுதிக்கலாமா?" என்று கேட்டார்கள். எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கலைவேந்தன் ஆய்வகத்தில் தனியாக இருந்தார். நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவரும் இதே பாடத்தை நடத்துகிறவர்.

"கலை சார், எத்தனை புள்ளி எடுத்தீங்க?"

"எட்டு."

"கேபிள் நீளம்?"

  எதிரே கணினித் திரை அணைந்து கிடந்தது, அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பஸ் கிளம்பும் சத்தமும், பிள்ளைகள் ஓடும் சத்தமும் கேட்டு அடங்கின. 

பிறகு மெதுவாகச் சொன்னார். "மூணு. இல்லன்னா பதினொண்ணு."

பதினோராம் இடம் என்றால் நூற்றுப் பத்து மீட்டர். பதினொன்றிலிருந்து எட்டைக் கழித்தால் மூன்று.

"பழைய ஜாயின்ட்டும் அங்கே இருந்துச்சே மேடம். அதுவும் கெட்டுப்போய்த்தான் இருந்துச்சு."

"இருந்துச்சு."

"அதனால மூணாவும் இருக்கலாம்."

"இருக்கலாம்."

"அளக்காம தெரியாது."

"அளந்தா தெரியும் சார்."

எப்படித் தெரியும் என்பதும் எங்கள் இருவருக்கும் தெரியும். முன்பு எடுத்த புள்ளிகளுக்கு நடுவில் எடுக்க வேண்டும். நடுவில் வரும் ஒவ்வொரு அதிர்வெண்ணிலும், மூன்றாம் இடத்து எதிரொலியும் பதினோராம் இடத்து எதிரொலியும் நேர் எதிர்க் குறியில் இருக்கும். ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே. மறைக்க வழியே இல்லை. நடுவில் எடுக்க வேண்டியவை நான்கே நான்கு அளவுகள். அவற்றைச் சேர்த்தால், கண்ணாடியில் வருபவையோடு பதினாறு புள்ளி, நூற்று அறுபது மீட்டர், கேபிள் முழுக்க உள்ளே அடங்கிவிடும்.

"நாலு" என்றார் கலைவேந்தன். அதை இரண்டு மூன்று முறை சொன்னார்.

மறுநாள் நானும் அவரோடு ஏம்பலம் போனேன். ஏன் போனேன் என்று எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. அவர் தனியாகப் போனால் அளக்காமல் திரும்பிவிடுவார் என்று நினைத்தேனோ என்னவோ. அப்படி நினைத்திருந்தால் தவறாக நினைத்தேன்.

சாமிநாதன் மீட்டர் கொட்டகை வாசலில் நின்றார். மாரிமுத்து இறந்த நாளிலிருந்து லைன் துண்டித்துக் கிடந்தது. நாற்று மஞ்சளாகியிருந்தது.

"இனிமே என் நெலத்துல பள்ளம் தோண்ட வோணாம்."

"மாமா, அளக்க மட்டும்."

"அளந்து இன்னா பண்ணப்போற? போனவன் வருவானா?" என்னைப் பார்த்தார். "இந்தம்மா யாரு?"

"என்னோட வேலை பாக்கிறவங்க. மாமா, நான் காட்டின இடம் தப்பா இருக்கலாம்."

சாமிநாதனுக்குப் புரிந்துவிட்டது. அவர் குரல் இறங்கியது. "கலை, நான் சொல்றதக் கேளு. பாக்யராஜுக்கு ஜாமீன் நானே எடுக்கிறேன். வக்கீல் வெச்சுக்கலாம். கேஸு இழுக்கும், அப்பாலிக்குத் தானா ஒண்ணுமில்லாம போயிடும். நீ வாயத் தொறந்தின்னா உன் வேல போவும், உன்னையும் புடிச்சு உள்ள வெப்பான். உங்கம்மா இருக்காளேடா வூட்ல."

"மஞ்சுளாவும் வூட்லதான் மாமா இருக்காங்க."

"அவ புருஷன் எலக்ட்ரீஷியன். கரண்டுல வேல செய்யறவனுக்கு இதெல்லாம் உள்ளதுதான்."

கலைவேந்தன் பெட்டியைத் திறந்தார். அவரைத் தடுக்கச் சாமிநாதன் கை நீட்டினார், பிறகு நீட்டிய கையால் தன் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் தள்ளிப் போய் முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

மோட்டார் முனையில் ரெசிஸ்டரை நான் போய் வைத்தேன். கேபிள் போன வழியே, வேலியை ஒட்டி நடந்து திரும்பினேன். வேலியைத் தொடவில்லை.

முதல் நடு அளவு, அறுநூற்று இருபத்தைந்து கிலோஹெர்ட்ஸ். ஆசிலோஸ்கோப்பில் கோடு நிலைத்தது. கணக்குப் போடவே தேவையிருக்கவில்லை. பழுது முப்பது மீட்டரில் இருந்திருந்தால் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ, அதற்கு நேர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கலைவேந்தன் தலையை ஆட்டினார், யாரோ ஏதோ சொன்னதற்கு ஆமாம் என்பது போல. மீதி மூன்றையும் எடுத்தார். பழைய ஐந்தையும் மறுபடி எடுத்தார். பதினாறு புள்ளியில் போட்டபோது மூன்றாம் இடத்தில் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பாக்யராஜின் ஜாயின்ட் அவ்வளவு சுத்தமாக இருந்தது. பதினோராம் இடத்தில் குன்று.

நூற்றுப் பத்தாவது மீட்டரை டேப் வைத்து அளந்து, தானே மண்வெட்டி எடுத்துத் தோண்டினார். அவருக்கு அது பழக்கமில்லை. கை தோல் உரிந்தது. நான் உதவப் போனேன், வேண்டாம் என்றார். முழங்கால் ஆழத்தில் கேபிள் தெரிந்தது. எப்போதோ கரும்பு நட மண்ணை வெட்டிப் பார் போட்டபோது மண்வெட்டி வாய் விழுந்த வெட்டு, உள்ளே செம்பு பச்சை பூத்திருந்தது. வேலியின் ஆங்கிள் ஒன்று மண்ணுக்குள் அந்த வெட்டை ஒட்டியே இறங்கியிருந்தது. மண் நனைந்தால் இங்கிருந்து மின்சாரம் ஆங்கிளுக்கு, ஆங்கிளிலிருந்து வேலி முழுவதற்கும். மாரிமுத்து வேலியை எந்த இடத்தில் பிடித்திருந்தாலும் இறந்திருப்பார்.

சாமிநாதன் வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்.

"மூடிடலாம்டா" என்றார். கெஞ்சினார் என்றுதான் சொல்ல வேண்டும். "ஈர மண்ணு. இப்ப மூடினா ஒண்ணும் தெரியாது."

கலைவேந்தன் குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். அவர் முகத்தை அப்போது நான் பார்க்கவில்லை, பார்க்கவும் விரும்பவில்லை. காற்றில் கரும்புத் தோகை உரசிக்கொண்டிருந்தது. எங்கோ ஒரு ட்ராக்டர் நெருங்கி வந்து, போய், சத்தம் முழுக்கத் தேய்ந்தது.

"மேடம், போட்டோ எடுங்க" என்றார். "டேப்போட சேத்து எடுங்க. நூத்திப்பத்து தெரியணும்."

அங்கிருந்து நேராகக் காவல் நிலையம் போனோம். இன்ஸ்பெக்டர் புரியாமல் கேட்டார், "அப்ப மிஷின் தப்பா காட்டிடுச்சா?"

"மிஷின் தப்பா காட்டல சார். நான் கம்மியா கேட்டேன்."

"இன்னா கம்மியா கேட்டீங்க?"

கலைவேந்தன் மேசை மேல் இருந்த தாளில் அளவுகளை எழுதி விளக்கத் தொடங்கினார். இன்ஸ்பெக்டர் பாதியில் கை காட்டி நிறுத்தினார். "அதெல்லாம் கோர்ட்ல சொல்லுங்க. தோண்ட வேண்டிய எடத்தைத் தப்பா சொன்னது நீங்க. அவ்ளோதானே?"

"அவ்ளோதான் சார்."

பாக்யராஜ் விடுதலையானார். ஆனால் ஏம்பலத்திலும் சுற்று ஊர்களிலும் யாரும் அவரை மோட்டார் வேலைக்குக் கூப்பிடவில்லை. போலீஸ் பிடித்துப் போனது நினைவிருந்தது, விட்டது நினைவில் இல்லை. இப்போது மஞ்சுளாவோடு கடலூரில் இருக்கிறார், ஒரு ஃபேன் கடையில் வேலை. கலைவேந்தன் மீது வழக்கு நடக்கிறது. கல்லூரி அவரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. கரியமாணிக்கத்தில் அம்மாவோடு இருக்கிறார், அதிகம் வெளியே வருவதில்லை. சாமிநாதன் புதுக் கேபிள் போட்டார், மருமகனோடு பேசுவதில்லை. சின்னப்பிள்ளை அதே வயலில் கூலி வேலை செய்கிறாள். மாரிமுத்து பாகூர் பக்கம், தன் சொந்த ஊரில் புதைக்கப்பட்டார். நான் அதே கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறேன்.